டீன் ஏஜ் பிள்ளையின் அறைக்கு பெயிண்ட்: 13 வயசுல அடிச்சது 21 வயசு வரை தாங்குமா? கலர் தேர்வு செய்வது எப்படி?

"என் ரூமுக்கு கறுப்பு கலர் வேணும்மா."

"கறுப்பா? நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு இது? லைட் க்ரீம் அடிச்சுக்கலாம், பளிச்சுன்னு இருக்கும்."

வீட்டில் பெயிண்ட் வேலை ஆரம்பிக்கும்போது பல குடும்பங்களில் நடக்கிற உரையாடல் இது. 13 வயசுப் பிள்ளைக்குத் தன் அறை தன் மாதிரி இருக்கணும். அம்மா அப்பாவுக்கோ இன்னொரு கவலை. இப்போ கேட்கிற கறுப்பும் ஊதாவும் 2 வருஷத்தில் பிடிக்காமல் போனால், மறுபடி பெயிண்டர், மறுபடி செலவு, ஒரு வாரம் கட்டிலையும் புத்தகத்தையும் ஹாலில் போட்டுக்கொண்டு திண்டாட்டம். அதுவும் பிளஸ் டூ வருஷத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த இருவரில் யாரும் தோற்க வேண்டியதில்லை. நிறத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். சுவரின் பெரும்பகுதிக்கு வரும் நிறத்தைப் பிள்ளையின் வயசைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த அறைக்குள் வரும் வெளிச்சத்தையும், தரையையும், அலமாரியையும் பார்த்து முடிவு செய்யணும். வயசுக்கும் ரசனைக்கும் உரிய நிறம், எளிதாக மாற்றக்கூடிய இடத்தில் வரணும். நந்தனம் பக்கம் இருக்கிற ஒரு அபார்ட்மென்ட் அறையை உதாரணமா வைத்து இதைப் பார்க்கலாம்.

சீக்கிரம் சலிக்கிற கலர் எது?

ஒரு நிறம் சலிப்பதற்குக் காரணம் அது ஊதா என்பதோ பச்சை என்பதோ இல்லை. அது எவ்வளவு 'பளீர்' என்பதும், எவ்வளவு பெரிய இடத்தை அடைக்கிறது என்பதும்தான் காரணம். ஷேட் கார்டில் தபால் தலை அளவில் அழகாகத் தெரியும் ஊதா, நாலு சுவரிலும் ஏறினால் கண்ணை விட்டு நகராது. ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புவதால், நாலு சுவரிலும் ஒரே நிறம் அடித்தால் அது கார்டில் பார்த்ததை விட அழுத்தமாகத்தான் தெரியும்.

அதனால் பிள்ளை கேட்கிற நிறத்தை மறுக்காமல், அதன் 'அடங்கிய' வடிவத்தைத் தேடலாம். பளீர் ஊதாவுக்குப் பதில் சாம்பல் கலந்த ஊதா. கிளிப்பச்சைக்குப் பதில் காய்ந்த துளசி இலை மாதிரி மங்கிய பச்சை. ஆரஞ்சுக்குப் பதில் செங்கல் அல்லது காவி நிறம். ஸ்கை ப்ளூவுக்குப் பதில் மழை மேகத்தின் நீலம். இவையெல்லாம் 13 வயசிலும் 'என் கலர்' என்று சொல்லக்கூடியவை. 21 வயசிலும் சின்னப் பிள்ளை அறை மாதிரி தெரியாது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. காவி, மஞ்சள் மண், செங்கல், சாம்பல் நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு போன்ற கனிம நிறமிகளால் வருகின்றன. இவை வெயிலை நன்றாகத் தாங்கும். பளீர் பிங்க், பளீர் மஞ்சள், ஊதா போன்றவற்றுக்குச் சேர்க்கப்படும் கரிம நிறமிகளில் பல, நேரடி வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிய காலண்டரை ஒரு வருஷம் கழித்து எடுத்தால் பின்னால் வேறு நிறம் தெரிகிறதே, அது இப்படித்தான்.

முதல்ல ஜன்னலைப் பாருங்க

இணையத்தில் கிடைக்கும் பெயிண்ட் ஆலோசனைகளில் பல, ஐரோப்பா, அமெரிக்க வீடுகளுக்கு எழுதப்பட்டவை. 'வடக்கு ஜன்னல் அறையில் வெயிலே வராது, அங்கே கதகதப்பான நிறம் அடியுங்கள்' என்று சொல்வார்கள். சென்னை கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே இங்கே வடக்குப் பக்கம்தான் சாய்ந்து நிற்கும். அதனால் கோடையில் நம் வடக்கு ஜன்னலுக்கும் காலை, மாலை வெயில் உண்டு. அந்த ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மேற்கு ஜன்னல் அறையில் மதியம் 3 மணிக்கு மேல் மஞ்சள் வெயில் நேராக உள்ளே விழும். அந்த அறையில் க்ரீம், ஐவரி போன்ற மஞ்சள் கலந்த நிறங்கள் சாயங்காலம் ஆரஞ்சு மாதிரி மாறிவிடும். அங்கே லேசான சாம்பல் கலந்த வெள்ளை, பச்சைச் சாயல் உள்ள சாம்பல் பொருந்தும். மாறாக, வெயில் எட்டாத அறையில் அதே சாம்பல் சோகமாகத் தெரியும். அங்கே பீஜ் கலந்த சாம்பல், லேசான மணல் நிறம் நன்றாக இருக்கும்.

பழைய குடியிருப்புகளுக்கு நடுவே புது அடுக்குமாடிகள் எழுந்து நிற்கிற நந்தனம் போன்ற பகுதிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே சில அடி தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் இருக்கலாம். அப்படி இருந்தால் உள்ளே வருவது வான வெளிச்சம் மட்டும் இல்லை, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சமும்தான். பக்கத்து வீடு பீச் நிறம் என்றால் உங்கள் வெள்ளைச் சுவரிலும் லேசாகப் பீச் தெரியும். பெயிண்ட் கடையில் பார்த்த நிறம் வீட்டில் வேறாகத் தெரிகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்.ஆர்.வி. என்றால் என்ன?

பெயிண்ட் நிறுவனங்கள் பலவும் தங்கள் ஷேட்களுக்கு எல்.ஆர்.வி. என்ற ஒரு எண்ணைக் கொடுக்கின்றன. அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஷேட் கார்டின் பின்பக்கத்திலோ, நிறுவனத்தின் இணையதளத்திலோ இருக்கும். இல்லையென்றால் கடையில் கேட்கலாம்.

படிக்கவும் தூங்கவும் ஒரே அறை, ஒரே ஜன்னல் என்றால் பெரும்பகுதிச் சுவருக்குப் பொதுவாக 60 முதல் 75 வரை உள்ள நிறம் வசதியானது. 80-க்கு மேல் போனால் சுவர் பளிச்சென்று இருக்கும், ஆனால் கை அழுக்கு, பை உரசிய கோடு, நாற்காலி இடித்த தடம் எல்லாம் ஊருக்கே தெரியும். 40-க்குக் கீழே போனால் பகலிலும் லைட் போட்டுப் படிக்க வேண்டி வரும்.

'கறுப்பு வேணும்' என்று நிற்கும் பிள்ளையிடம் இந்த எண்ணைக் காட்டிப் பேசலாம். "கறுப்பு கெட்டது" என்று சொன்னால் சண்டை வரும். "நாலு சுவரும் கறுப்பானா மேஜைக்கு வெளிச்சம் பத்தாது, ஒரு இடத்துல மட்டும் வச்சுக்கலாமா" என்றால் பேச்சு நகரும்.

மாத்தவே முடியாத கலர் தரையிலயும் அலமாரியிலயும் இருக்கு

சுவரை விடத் தரையையும் வார்ட்ரோபையும் மாற்றுவது பல மடங்கு செலவு. ஆனால் கலர் தேர்வு செய்யும்போது பலரும் இவை இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீட்டில், கீழ்ப்பாதிச் சுவர் எப்போதும் லேசான சிவப்புச் சாயலோடுதான் தெரியும். அங்கே பிங்க் கலந்த வெள்ளை அடித்தால் அறையே சிவந்து போகும். புள்ளி போட்ட பழைய மொசைக் தரையில் எந்த நிறக் கற்கள் அதிகம் என்று பார்த்து, அதில் மிக வெளிறிய நிறத்தைச் சுவருக்கு எடுத்தால் இரண்டும் சண்டை போடாது.

புதிதாக வார்ட்ரோப் செய்கிறீர்கள் என்றால், கதவுக்கு ஒட்டும் லேமினேட்டில் பிள்ளைக்குப் பிடித்த பளீர் நிறத்தை மட்டும் போட வேண்டாம். சுவரை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம், லேமினேட்டை அப்படி மாற்ற முடியாது. மர நிறம், வெள்ளை, சாம்பல் என்று வைத்துவிட்டு, கைப்பிடியை மட்டும் கலராக மாட்டலாம். கைப்பிடியை மாற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

ஒரு அறை, முழுக் கணக்கு

நந்தனத்தில் இரண்டாவது மாடியில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். நீளம் 11 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. மேற்கே 4-க்கு 4 அடி ஜன்னல். மொசைக் தரை. தேக்கு நிற அலமாரி. 13 வயசுப் பெண் கேட்பது ஊதா.

சுவர்களின் மொத்த நீளம் 42 அடி. உயரம் 10 அடி என்பதால் 420 சதுர அடி. ஜன்னல் 16, கதவு 21 சதுர அடியைக் கழித்தால் மீதி 383.

இதில் ஊதாவுக்கு ஓர் இடம் கொடுக்கலாம். கட்டில் தலைப்பக்கம் இருக்கும் 11 அடிச் சுவரில், தரையிலிருந்து 4 அடி உயரம் வரை மட்டும். அது 44 சதுர அடிதான், மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கை விடச் சற்றுக் குறைவு. அங்கே சாம்பல் கலந்த ஊதா. தலை சாயும் இடத்தில் எண்ணெய்க் கறை தெரியாது என்பது கூடுதல் வசதி. மீதி 339 சதுர அடிக்கும் எல்.ஆர்.வி. 70 அளவில் உள்ள லேசான சாம்பல் வெள்ளை. மேற்கு வெயில் அதைச் சாயங்காலம் கதகதப்பாக்கிவிடும். சீலிங் வழக்கமான வெள்ளையாகவே இருக்கட்டும்.

பட்டி பார்த்து பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில், ஒரு லிட்டர் இன்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குப் பொதுவாக 120 முதல் 140 சதுர அடி வரை வரும். 130 என்று எடுத்தால் 339 சதுர அடிக்கு 2.6 லிட்டர். 4 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால், சேதாரம் போக ஒரு லிட்டர் அளவு மிஞ்சும். அதை வீண் என்று நினைக்காதீங்க, பின்னால் அதுதான் கை கொடுக்கும். ஊதாவுக்கு 1 லிட்டர் டப்பா தாராளம்.

ஆழ்ந்த நிறங்களுக்குக் கடையில் வேறு 'பேஸ்' எடுப்பார்கள். அதில் வெள்ளை நிறமி குறைவு என்பதால் அடிச்சுவரை மறைக்கும் சக்தியும் குறைவு. "ரெண்டு கோட் போதும் சார்" என்று பெயிண்டர் சொன்னாலும், பகல் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் மூன்றாவது கோட் கேட்கலாம். நாலு சுவரும் ஆழ்ந்த நிறம் அடிப்பதில் உள்ள உண்மையான சிக்கலும் பிறகுதான் தெரியும். அதை மறைத்து வெளிர் நிறத்துக்குத் திரும்ப, மறுபடி பிரைமர் அடித்து அதற்கு மேல் இரண்டு மூன்று கோட் வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பெண் வளர்வதைப் பாருங்கள். 13 வயசில் பளீர் ஊதா பெட்ஷீட், பூப்போட்ட திரை, சுவரில் பாட்டுக் குழு போஸ்டர். 16 வயசில் பெரிய மேஜை, டைம்டேபிள் ஒட்டும் போர்டு, வெள்ளைத் திரை. 20 வயசில் காட்டன் விரிப்பு, புத்தக ஷெல்ஃப், ஒரு செடி. மூன்று கட்டத்திலும் சுவர் அதேதான். அந்த மங்கிய ஊதா மட்டும் 18 வயசில் வேண்டாம் என்றானாலும், மாற்ற வேண்டியது 44 சதுர அடிதான்.

போன் ஸ்க்ரீன்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க

போன் திரை தானே ஒளி விடும். சுவர் மேலே படும் ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டும் ஒன்றாகத் தெரியாது. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஆனில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரியான வழி சின்ன அளவில் சாம்பிள் வாங்குவது. சில நிறுவனங்கள் 200 மில்லி அளவில் தருகின்றன. இல்லையென்றால் ஒரு லிட்டர் வாங்கலாம். வெள்ளை சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகவே விடணும். பழைய சுவரின் நிறம் பக்கத்தில் ஒட்டி நின்று கண்ணை ஏமாற்றாமல் இருக்க அந்த ஓரம் உதவும்.

காய்ந்த பிறகு அட்டையை அலமாரிக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, ஜன்னலுக்கு எதிரில் என்று இடம் மாற்றி வைத்துப் பார்க்கணும். காலை 7 மணி, மாலை 4 மணி, இரவு 9 மணி என மூன்று வேளையும், குறைந்தது 2 நாள்.

இரவில் பார்ப்பதுதான் முக்கியம். பள்ளிப் பிள்ளை தன் அறையில் அதிக நேரம் இருப்பது இரவில்தான். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட்டில் சாம்பல் நீலமாகும், மங்கிய ஊதா வெளிறும். 3000 கெல்வின் மஞ்சள் லைட்டில் அதே சாம்பல் பீஜ் ஆகும். எந்த லைட் எரியப் போகிறதோ அதைப் போட்டுத்தான் முடிவு செய்யணும். 4000 கெல்வின் லைட், படிப்புக்கும் நிறத்துக்கும் இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

மேட்டா, ஷீனா?

நிறம் சரியாக இருந்தும் மறுபடி பெயிண்ட் அடிக்க வைப்பது பெரும்பாலும் கறைதான். துளிப் பளபளப்பும் இல்லாத சாதா மேட் எமல்ஷனில், சின்னக் கறை மேல் டச் அப் செய்தால் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் தேய்ந்து பளபளக்கும். ஷீன் உள்ள பெயிண்ட் துடைக்கத் தாங்கும். ஆனால் டச் அப் செய்த இடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும், பட்டியின் மேடு பள்ளமும் தெரியும்.

கட்டில், மேஜை ஒட்டிய சுவர்களுக்குத் துடைக்கக்கூடிய லோ ஷீன் வகையும், மற்றவற்றுக்கு மேட்டும் எடுக்கலாம். ஆனால் வகை மாறினால் ஒரே ஷேட் நம்பரும் லேசாக வேறு மாதிரி தெரியும். அதனால் மூலையில் சுவர் திரும்பும் இடத்தில்தான் வகையை மாற்றணும். ஷீன் சுவரில் டச் அப் செய்வதானால் கறை மேல் மட்டும் பிரஷ் வைக்காமல், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட் அடிப்பதே நல்லது. மிச்சம் வைத்த பெயிண்ட் இதற்குத்தான்.

போஸ்டரை டேப் போட்டு ஒட்டினால், எடுக்கும்போது பெயிண்டோடு பட்டியும் பெயர்ந்து வரும். சீலிங்கில் ஒட்டும் ரேடியம் நட்சத்திரமும் அப்படித்தான். மேஜைக்கு மேல் 4-க்கு 3 அடி சாஃப்ட் போர்டு ஒன்று மாட்டிவிட்டால், அதற்குள் பிள்ளை எதை வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். அந்தச் சதுரத்துக்குள் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டால் இன்னும் நல்லது.

எந்த கலரும் தாங்காத சுவர்

பாத்ரூமை ஒட்டிய சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர் ஆகியவற்றில் ஈரம் இருந்தால் எவ்வளவு நல்ல பெயிண்டும் உப்பு பூத்து, பொரிந்து உதிரும். ஆழ்ந்த நிறம் என்றால் வெள்ளை உப்பு இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஈரம் இருக்கா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடணும். எடுக்கும்போது ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கு. முதலில் கசிவைச் சரி செய்யணும், சுவர் காயணும், பிறகுதான் பெயிண்ட்.

பொங்கலுக்கு முன் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். ஆனால் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்தால் வெளிச்சுவர்கள் அப்போது முழுசாகக் காய்ந்திருக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு வேறு. பிள்ளையின் அறைக்கு மட்டும் ஏப்ரல், மே விடுமுறை சரியான நேரம். சுவரும் காய்ந்திருக்கும், பெயிண்ட் வாடை போகும் வரை பிள்ளை ஹாலில் படுத்துக்கொள்ளவும் முடியும்.

வேலை முடிஞ்சதும் இதை மறக்காதீங்க

மிச்சமான பெயிண்டை, அது நிரம்பும் அளவுள்ள சின்ன டப்பாவுக்கு மாற்றி இறுக்கமாக மூடி வைக்கணும். உள்ளே காற்று குறைவாக இருந்தால்தான் ஏடு கட்டாது. வெயில் தகிக்கும் மொட்டை மாடி அறையோ பரணோ வேண்டாம், கட்டிலுக்கு அடியில் போதும். இரண்டு மூன்று வருஷம் கழித்து நாற்றம் அடித்தாலோ, கலக்கினாலும் கட்டியாகவே இருந்தாலோ தூக்கிப் போட்டுவிடலாம்.

பெயிண்ட் போனாலும் விவரம் போகக் கூடாது. நிறுவனத்தின் பெயர், பெயிண்ட் வகை, ஷேட் பெயர், ஷேட் நம்பர், எந்த பேஸ், எந்தத் தேதி, எந்தச் சுவர் என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்க. கடையில் டப்பா மேல் ஒட்டித் தரும் டின்ட்டிங் ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. 5 வருஷம் கழித்து 44 சதுர அடியை மட்டும் மாற்ற நினைக்கும்போது, அந்தச் சீட்டு இருந்தால் ஒரு லிட்டரோடு வேலை முடியும். இல்லையென்றால், 'கிட்டத்தட்ட அதே கலர்' என்று ஒன்றை வாங்கி வந்து, அது பொருந்தாமல் அறை முழுக்க அடிக்க வேண்டி வரும்.